பாத்ரூம் கண்ணாடிக்கு லைட் எங்கே வைக்க வேண்டும்?

நமது தோட்டங்களில் லயத்துக் காலத்து ஆட்கள் சவரம் செய்த இடம் ஞாபகம் இருக்கிறதா? இஸ்தோப்புத் தூணிலோ ஜன்னல் கம்பியிலோ கையளவு கண்ணாடியைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தைப் பார்த்து நிற்பார்கள். கண்ணாடி சின்னது. அதைச் சுற்றி வரும் வானத்து வெளிச்சம் முழுவதும் நேராக முகத்தில் விழும். நாடிக்குக் கீழேகூட நிழல் இருக்காது.

இப்போது தனிக் காணியில் தனி வீடுகள் வருகின்றன. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 550 சதுர அடி வீட்டில் கழிப்பறையும் சேர்ந்தே வருகிறது. இன்னும் பலர் சொந்தச் செலவில் பாத்ரூம் கட்டிச் சேர்க்கிறார்கள். கண்ணாடி உள்ளே போய்விட்டது. ஆனால் வெளிச்சம் முன்னால் இருந்து வர வேண்டும் என்ற விஷயம் வெளியிலேயே நின்றுவிட்டது. நாம் போய்ப் பார்க்கிற வீடுகளில் பெரும்பாலும் கூரை நடுவில் ஒரே ஒரு பல்ப்தான். அது கண்ணாடி பார்ப்பதற்கும் உதவாது, தண்ணீர்ப் பக்கத்தில் இருப்பதால் பாதுகாப்பும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே வேலையில் திருத்தலாம் என்பதே எங்கள் கருத்து.

ஒரு பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். அகலம் 4 அடி, நீளம் 7 அடி, உயரம் 8 அடி. கதவுக்குப் பக்கத்தில் நீளச் சுவரில் பேசினும் கண்ணாடியும். கடைசிச் சுவரில் ஷவர். கூரை நடுவில் இருந்து ஒன்றரை அடி வயரில் ஒரு பல்ப் தொங்குகிறது. பேசின் முன்னால் குனிந்து நின்றால் தலைக்கும் கண்ணாடிச் சுவருக்கும் இடையில் ஒரு அடிதான் இருக்கும். பல்ப்போ அந்தச் சுவரில் இருந்து 2 அடி தள்ளி, தலைக்குப் பின்னால். ஆகவே நமது தலையே நமது முகத்தில் நிழலைப் போடுகிறது. கண்குழி, மூக்கின் கீழ், நாடி மூன்றும் கறுப்பு. பார்வை மங்கிய பெரியவர்கள் சவரக் கத்தியால் வெட்டிக்கொள்வது இப்படித்தான். கூடிய வாட் பல்ப் போட்டாலும் நிழல் போகாது, இன்னும் கடுமையாகத் தெரியும். குறை வெளிச்சத்தின் அளவில் இல்லை, அது வரும் இடத்தில் இருக்கிறது.

சரியான இடம் கண்ணாடியின் இரண்டு பக்கமும்தான். 18 அங்குல அகலக் கண்ணாடி என்றால், அதன் நடுவில் இருந்து இடமும் வலமும் 15 அங்குலம் தள்ளி, தரையில் இருந்து 5 அடி 3 அங்குல உயரத்தில் ஒவ்வொரு லைட். அதாவது கண் மட்டத்தில். ஒரு லைட் போடும் நிழலை மற்றது அழித்துவிடும். 5 வாட் எல்.ஈ.டி. இரண்டு போதும். பால்நிற மூடி உள்ளதாகப் பாருங்கள், அப்போது கண் கூசாது. ஒரே ஒரு லைட்டுக்குத்தான் வசதி என்றால், கண்ணாடிக்கு மேலே, கண்ணாடியை விட அகலமான 2 அடி டியூப்பைக் குறுக்காகப் போடலாம். நாடியின் கீழ் கொஞ்சம் நிழல் இருக்கும். ஆனால் வெள்ளை பேசின் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கண்ணாடியை ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்ட வேண்டாம். அப்படி மாட்டினால் ஜன்னல் நமது முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். ஜன்னலுக்குப் பக்கச் சுவர்தான் நல்லது.

இனித் தண்ணீர். லைட் கண் மட்டத்துக்கு இறங்கினால் தண்ணீருக்கும் கிட்ட வருகிறது. ஆகவே எந்த லைட் என்பது முக்கியம். பெட்டியில் ஐ, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் அதன் பின் இரண்டு இலக்கமும் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 20 என்றால் தண்ணீருக்குப் பாதுகாப்பே இல்லை, அது ஹாலுக்கு உரியது. ஐபி 44 எந்தப் பக்கத்தில் இருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும். ஐபி 65 பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையும் தாங்கும்.

வயரிங் வேலைக்கு நமது நாட்டில் வழிகாட்டியாகக் கொள்ளும் பிரித்தானியத் தரம் பிஎஸ் 7671, நமது வீடுகளில் உள்ளதுபோல் தொட்டி இல்லாத ஷவருக்கு ஒரு எல்லை சொல்கிறது. ஷவர் தலையில் இருந்து சுற்றிலும் 1.2 மீற்றர், அதாவது ஏறக்குறைய 4 அடி. உயரம் தரையில் இருந்து 2.25 மீற்றர், ஏறக்குறைய ஏழரை அடி. ஷவர் தலை அதைவிட உயரத்தில் இருந்தால் அதன் மட்டம் வரை. அதற்குள் வரும் லைட் தெறிப்பைத் தாங்க வேண்டும், அந்த இடத்துக்கென்றே செய்ததாகவும் இருக்க வேண்டும். நமது பாத்ரூமில் தொங்கும் பல்ப் ஆறரை அடி உயரத்தில் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. மூடியும் இல்லை. ஈரக் கையால் அதைத் தொடுவது எவ்வளவு சுலபம்! கண்ணாடிப் பக்கத்து இரண்டு லைட்டில் ஷவர்ப் பக்கம் உள்ளதும் 4 அடிக்குள் வருகிறது. அதனால்தான் ஐபி 65 வாங்கச் சொல்கிறோம்.

ஆனால் இலக்கம் மட்டும் காப்பாற்றாது. வயர் நுழையும் ஓட்டையை மேல் பக்கத்தில் போட்டால் தண்ணீர் வயர் வழியே உள்ளே இறங்கும். கீழிருந்து நுழைய வைக்க வேண்டும். வயர் சுவரில் இருந்து நேராகப் பின்பக்கமாக வந்தால், லைட்டைச் சுவரோடு சேர்க்கும்போது மேலும் பக்கமும் சிலிக்கன் பூசி, கீழ் ஓரத்தைத் திறந்துவிட வேண்டும். உள்ளே போன ஈரம் வடிய வழி வேண்டுமல்லவா? நுவரெலியா, ஹட்டன் குளிரில் சுடுதண்ணீர் ஊற்றிக் குளித்தால் ஆவி எல்லாவற்றின் மேலும் நீராகப் படியும். ஐபி இலக்கம் தெறிக்கும் தண்ணீருக்குத்தான், ஆவிக்கு அல்ல. ஆகவே காற்று போகும் துவாரத்தைக் குளிர் என்று அட்டை வைத்து அடைக்காதீர்கள்.

கண்ணாடிக்கும் இதே கதை. ஈரச் சுவரில் ஒட்டிவிட்டால் பின்பக்கத்து ரசம் ஓரத்தில் இருந்து கறுக்கத் தொடங்கும். சின்ன ரப்பர் துண்டுகள் வைத்துச் சுவரில் இருந்து கால் அங்குலம் விலக்கி மாட்டுங்கள்.

கெட்டுப்போவதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூடிக்குள் பனித்துளி, திருகாணியைச் சுற்றித் துரு, மினுக்கும் வெளிச்சம், மழை நாள் காலையில் மட்டும் விழும் ட்ரிப் சுவிட்ச். இதில் எதைக் கண்டாலும் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்று அதை விலக்கி நேராக லைன் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் சம்மதிக்காதீர்கள். அந்த 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான் ஈரக் கைக்கும் கரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். லைட் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே பிளக் பொயின்ட் வேண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் சரியான நேரம் சாந்து பூசுவதற்கு முன்பு. பூசிய பிறகு சுவரை வெட்ட யாருக்கும் மனம் வராது. கடைசியில் கூரை நடுப் பல்ப்தான் மிஞ்சும். ஆகவே வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களே, பாஸ் வரும் நாளில் ஒரு கரித்துண்டை எடுத்துப் போங்கள். கண்ணாடி எங்கே வரும் என்று சுவரில் கோடு போடுங்கள், இரண்டு பக்கமும் கண் மட்டத்தில் புள்ளி வையுங்கள், வயரைக் கீழிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டுத் திட்டங்களுக்கு வரைபடம் போடுகிறவர்களும் அந்த இரண்டு புள்ளியைத் தாளிலேயே குறித்துக் கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.