கடைக் கல்லாப் பணத்துக்கு சேமிப்புக் கணக்கு சரிப்படுமா?

அப்பா மளிகைக்கடை வைத்திருப்பார். ராத்திரி கடை அடைத்ததும் கல்லாவை எண்ணி, மறுநாள் காலையில் தன் சேமிப்புக் கணக்கில் கட்டிவிடுவார். கரண்ட் அக்கவுண்ட் பற்றிக் கேட்டால், "அதுல வட்டி கிடையாது, மினிமம் பேலன்ஸ் வேற வைக்கணும், நமக்கு எதுக்குப்பா?" என்பார். வட்டி கிடையாது என்பது உண்மைதான். ஆனால், முடிவெடுக்க வேண்டியது வட்டியைப் பார்த்து அல்ல; மாதத்தில் எத்தனை தடவை பணம் கட்டுகிறோம், வருடத்துக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்ற இரண்டு எண்களைப் பார்த்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் தினமும் 8,000 ரூபாய் ரொக்கம் சேருகிறது. மாதம் 26 நாள் கட்டினால் 2,08,000 ரூபாய்.

முதலில் கட்டணம். பல வங்கிகளில் சேமிப்புக் கணக்கில் மாதத்துக்குச் சில தடவை மட்டுமே ரொக்கம் கட்டுவது இலவசம். உதாரணத்துக்கு 3 தடவை இலவசம், அதன்பிறகு தடவைக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மீதி 23 தடவைக்கு 1,150 ரூபாய். அதற்கு 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 1,357. வருடத்துக்கு 16,284 ரூபாய்! சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் இருந்தால் 2.5% வட்டியில் வருடத்துக்குக் கிடைப்பது வெறும் 250 ரூபாய்.

கரண்ட் அக்கவுண்ட்டில் பெரும்பாலும் தடவைக் கணக்கு பார்ப்பதில்லை, மொத்தத் தொகையைத்தான் பார்ப்பார்கள். மாதம் 2 லட்சம் வரை இலவசம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு 3 ரூபாய் என்றால், நம் கடைக்கு அதிகப்படியாக இருப்பது 8,000 மட்டும். 24 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் செலவு. இந்தக் கட்டணங்கள் வங்கிக்கு வங்கி மாறும். அதனால் கிளையில் 'மாதம் எவ்வளவு ரொக்கம் இலவசம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு எவ்வளவு, சில்லறை நோட்டுக்கும் நாணயத்துக்கும் தனிக் கட்டணம் உண்டா?' என்று கேட்டுவிடுங்கள்.

மினிமம் பேலன்ஸ் பயம் ஓரளவு நியாயம்தான். ஆனால், பல வங்கிகள் கேட்பது தினசரி இருப்பை அல்ல, மாத சராசரியை. சராசரி 10,000 வேண்டுமென்றால், 30 நாள் மாதத்தில் 10 நாள் 30,000 ரூபாய் இருந்தாலே போதும், மற்ற நாள் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. சிக்கல் எங்கே வருமென்றால், காலையில் கட்டிய பணத்தை மாலைக்குள் மொத்த வியாபாரிக்கு அனுப்பிவிடும்போது. சராசரிக்கு எடுத்துக்கொள்வது நாள் முடிவில் உள்ள இருப்பைத்தான். மாதா மாதம் ஸ்டேட்மென்ட்டில் அபராதப் பிடித்தம் தெரிந்தால், குறைந்த இருப்பு கேட்கும் வேறு வகை கரண்ட் அக்கவுண்ட்டுக்கு மாறுவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது வருமான வரி. ஒரு நிதியாண்டில் ஒருவர் ஒரே வங்கியில் உள்ள தன் சேமிப்புக் கணக்குகளில் கட்டும் ரொக்கம் 10 லட்சத்தைத் தொட்டால், வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கரண்ட் அக்கவுண்ட்டுக்கு இந்த வரம்பு 50 லட்சம். ஏப்ரலில் தொடங்கினால் நம் கடை ஐந்தாவது மாதமான ஆகஸ்ட்டிலேயே 10 லட்சத்தைத் தாண்டிவிடும். வருட மொத்தம் சுமார் 25 லட்சம் என்பதால், கரண்ட் அக்கவுண்ட்டில் அதே பணம் வரம்பில் பாதியைத்தான் எட்டும்.

தகவல் போனால் உடனே வரி என்று அர்த்தமில்லை. ரிட்டர்னில் வியாபாரத்தையே காட்டாமல் விட்டிருந்தால்தான், 'இந்த 25 லட்சம் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி வரும். விற்றுமுதல் 2 கோடிக்குள் இருக்கும் கடைக்காரர், உத்தேச வருமானத் திட்டத்தில் ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். 25 லட்சத்துக்கு அது 2 லட்சம்தான். யு.பி.ஐ. மூலம் வந்த விற்பனைக்கு 6% போதும். கடைப்பணமும் வீட்டுப்பணமும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், எது விற்பனை, எது மச்சான் திருப்பித் தந்த கடன் என்று பிரித்துச் சொல்வதுதான் பெரும்பாடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வியாபார நிறுவனங்களின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. கடை பெயரில் காசோலை வாங்க வேண்டுமென்றால் கரண்ட் அக்கவுண்ட்தான் வழி. அதற்கு பான் கார்டு, ஆதாரோடு, உத்யம் பதிவு, ஜி.எஸ்.டி. சான்றிதழ், கடை உரிமம் போன்றவற்றில் பொதுவாக இரண்டு கேட்பார்கள்.

மாதம் மூன்று நான்கு தடவை, வருடத்துக்கு ஐந்தாறு லட்சம் மட்டும் கட்டுகிற பெட்டிக்கடைக்குக் கட்டணச் சுமையோ 10 லட்ச வரம்போ பிரச்னையாக இருக்காது. தினமும் கட்டுகிற கடைக்கு என் பதில் கரண்ட் அக்கவுண்ட்தான். சேமிப்புக் கணக்கை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, கடைக் கணக்கிலிருந்து மாதம் ஒரு தொகையை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பணத்துக்கு வட்டியும் கிடைக்கும்.