எவ்வளவு, எப்ப, எப்படி நிறுத்துறது?

பெப்ரவரி 12ஆம் திகதி எங்கட தளத்துக்கு ஹோஸ்டிங் தருகிற நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சேவை மார்ச் 14 அன்று காலாவதியாகிறது, தானாகவே புதுப்பிக்கப்படும், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. அவ்வளவுதான். மார்ச் 14 என்றபடியால் மார்ச் முதல் கிழமை கூட்டத்தில கதைச்சு முடிவெடுப்பம் என்று இருந்தம். மலிவான இடத்துக்கு மாறுகிற யோசனையும் இருந்தது.

பெப்ரவரி 27 அன்று காசு போய்விட்டது. எங்கட தோழி ஒருத்தியின்ர கார்டிலிருந்து, அதுவும் அவவின்ர சம்பளக் கணக்கிலிருந்து. போன வருசம் கட்டினது 35.88 டொலர். இந்த முறை 131.88. டொலருக்கு 300 ரூபா என்று பார்த்தாலே கிட்டத்தட்ட 39,600 ரூபா, அதுக்கு மேல வங்கியின் வெளிநாட்டு நாணயக் கட்டணம். கேட்டபோது, காலாவதிக்கு 15 நாள் முன்னரே அறவிடுவது விதிமுறைகளில் இருக்கிறதாம், புதுப்பித்தலுக்குப் பணம் திருப்பித் தரப்படாதாம்.

முதல் வருசம் சலுகை விலை என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மாதம் 2.99 என்று பெரிய எழுத்திலயும் பிறகு 10.99 என்று சின்ன எழுத்திலயும் போட்டிருந்தார்கள். வாசிச்சது நாங்கள்தான், மறந்ததும் நாங்கள்தான். ஆனால் ஒரு வருசம் கழிச்சு மறந்ததை ஞாபகப்படுத்தத்தானே நினைவூட்டல்? காசு எடுக்கிற மென்பொருளுக்கு தொகையும் தெரியும், நாளும் தெரியும். அந்த இரண்டையும் கடிதத்துக்கு மட்டும் சொல்லாமல் விடுகிறார்கள். அதை மறதி என்று நம்ப எங்களால ஏலாது.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருக்கேலாது. .com, .org போன்ற டொமைன்களுக்கு ஐகான் அமைப்பின் விதி ஒன்று இருக்கிறது. காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரும் ஒரு கிழமை முன்னரும் பதிவாளர் அறிவித்தல் அனுப்ப வேண்டும், புதுப்பிக்காமல் விட்டால் காலாவதியாகி ஐந்து நாளுக்குள் இன்னொன்று. புதுப்பித்தல் கட்டணத்தைத் தளத்தில் போட்டிருந்தால் போதும், கடிதத்தில் எழுதக் கட்டாயம் இல்லை. அந்த விதி டொமைன் கைவிட்டுப் போகாமல் இருக்கத்தான். ஹோஸ்டிங்குக்கு அதுவும் இல்லை.

நாங்கள் கேட்கிற கடிதம் நீளமானதல்ல. தலைப்பிலேயே விசயம் வர வேண்டும்: “பெப்ரவரி 27 அன்று 131.88 டொலர் எடுப்போம்.” உள்ளே இப்படி:

“உங்கள் ஹோஸ்டிங்கை ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்க, பெப்ரவரி 27 அன்று 4417 என முடியும் கார்டிலிருந்து 131.88 டொலர் எடுப்போம். சென்ற வருடம் நீங்கள் செலுத்தியது 35.88. சேவை காலாவதியாகும் நாள் மார்ச் 14. வேண்டாம் என்றால் பெப்ரவரி 26 முடிவதற்குள் நிறுத்துங்கள்: கணக்கில் நுழைந்து, ‘சேவைகள்’ பக்கத்தில் ‘தானியங்கிப் புதுப்பித்தல்’ ஆளியை அணையுங்கள். அணைத்தாலும் தளம் மார்ச் 14 வரை இயங்கும். உங்கள் டொமைன் வேறாகப் புதுப்பிக்கப்படுகிறது, இதனால் அதற்கு ஒன்றும் ஆகாது.”

கடைசி இரண்டு வசனமும் அலங்காரத்துக்கு இல்லை. நிறுத்தினால் இண்டைக்கே தளம் அழிஞ்சு போயிடுமோ, டொமைனும் சேர்ந்து போயிடுமோ என்ற பயத்திலதான் பலர் அந்த ஆளியைத் தொடுறதில்லை. எங்களிலயும் ஒருத்தர் அப்பிடித்தான் சொன்னார். டொமைனுக்கான கடிதத்தில் எச்சரிக்கை வேறாக இருக்க வேண்டும்: அதை நிறுத்திவிட்டு மறந்தால் பெயரே கைவிட்டுப் போகலாம். இரண்டையும் ஒரே மூடுமந்திரக் கடிதத்தில் போட்டால் தெளிவாய் விளங்குவது பயம் மட்டும்தான்.

வரி மாறும், நாணயமாற்று மாறும், அதனால் தொகை சொல்லேலாது என்பார்கள். ரூபாவை யார் கேட்டது? நீங்கள் எடுக்கப்போகிற டொலரைச் சொல்லுங்கள், வரி இருந்தால் தனி வரியில் போடுங்கள், மிச்சத்தை வங்கியோட நாங்கள் பார்த்துக்கொள்ளுறம். போலிக் கடிதங்கள் சுத்துகிற காலம், இணைப்புக் குடுக்கப் பயம் என்றால் அது நியாயம். அதனாலதான் மேலே இணைப்பை எழுதாமல் கணக்குக்குள்ள போகிற வழியை எழுதினம். ஆனால் அந்த வழியின் முடிவில் ஆளி உண்மையாய் இருக்க வேண்டும். “ஏன் போகிறீர்கள்” என்று மூன்று பக்கம் கேட்டு, கடைசியில ஆதரவுப் பிரிவோட சற் பண்ணச் சொல்லுறது வழி இல்லை. அணைத்தவுடனே “பெப்ரவரி 27 அன்று எதுவும் எடுக்கமாட்டோம்” என்று ஒரு உறுதிக் கடிதமும் வர வேண்டும். பிறகு காசு போனால் வங்கியிடம் காட்ட அதுதான் ஆதாரம்.

மேலே இருக்கிற கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி அவர்களுக்கு அனுப்பியிருக்கிறம். கருத்து உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டதாகப் பதில் வந்தது. தோழியின்ர காசை ஐந்து பேர் சேர்ந்து திருப்பிக் குடுத்தம், கார்டையும் கணக்கிலிருந்து எடுத்தாச்சு, ஆளியும் அணைச்சாச்சு. உறுதிக் கடிதம் இன்னும் வரேல்ல.