தேதி மாறினால் பாக்கியும் மாறும்

ஆசிரியருக்கு,

அலுவலகங்களுக்குத் தானாக வந்து சேரும் அறிக்கைகள் பற்றிய கட்டுரை சரியான நேரத்தில் வந்தது. ஆனால் தேதிக் குழப்பத்தை அது தொடவில்லை.

நான் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு பார்க்கிறேன். தினமும் காலையில் வரும் பாக்கிப் பட்டியலில் 1,23,45,678 ரூபாய் 12,345,678 என்று நிற்கும். முதலாளி விரல்விட்டு எண்ணித்தான் கோடியைக் கண்டுபிடிப்பார். அதையாவது பொறுக்கலாம். ஏப்ரல் 3 என்பது 04/03/2025 என்று வருகிறது. எக்செல் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டு, பாக்கிக்கு ஒரு மாத வயதைக் கூட்டிவிடுகிறது. 12ஆம் தேதி வரை சத்தமே இல்லை. 04/13/2025 வந்தால்தான், பதின்மூன்றாம் மாதம் இல்லாததால், அது வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அப்படி ஒன்றைக் கண்டாலே முழுப் பட்டியலையும் சந்தேகிக்க வேண்டும்.

நம் கணினியில் அமைப்பை மாற்றினாலும் அறிக்கையின் வடிவம் மாறாது. அறிக்கை தயாராவது சர்வரில். அங்கே அறிக்கையின் மொழி அமைப்பை en-IN என்று வைத்து, மாதத்தை எழுத்தில், 03-Apr-2025 என அச்சிட மென்பொருள் தருவோர் முன்வர வேண்டும்.

- கணக்காளர் ஒருவர், விருதுநகர்