கடைசி கிளிக்கின் பெருமை

யூடியூபில் ஒரு விளம்பரம், இன்ஸ்டாகிராமில் ஒன்று, கடைசியாகக் கூகுள் தேடலில் ஒன்று என்று பார்த்துவிட்டு ஒருவர் ஆர்டர் போடுகிறார். பல நிறுவனங்களின் கணக்கு, கடைசி கிளிக்குக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிடுகிறது. விளம்பரம் இல்லாவிட்டாலும் அவர் வாங்கியிருப்பாரா என்று அது கேட்பதில்லை. 2012-இல் ஈபே அதைக் கேட்டது. தன் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிவந்த விளம்பரங்களை, அமெரிக்காவில் யாஹூ, எம்எஸ்என் தேடல்களில் நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் நின்றதால் இழந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம், அருகிலிருந்த இலவசத் தேடல் முடிவு வழியாகவே வந்து சேர்ந்தன. பிறகு சில பகுதிகளில் மட்டும் மற்ற சொற்களுக்கான கூகுள் விளம்பரங்களையும் நிறுத்தி, நிறுத்தாத பகுதிகளோடு ஒப்பிட்டது. அடிக்கடி வாங்குவோர் வழக்கம்போலவே வாங்கினார்கள். புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குவோரிடமும் மட்டுமே விளம்பரம் எடுபட்டது. ஈபே அளவுக்குப் பெயரெடுக்காத கடைக்கு விடை வேறாக இருக்கலாம். அதனால் ஈபேயின் முடிவைவிட அதன் சோதனை முறையைத்தான் கடன் வாங்க வேண்டும்.