ஒரு 'மட்டும்' தொலைந்த ராத்திரி

எங்கள் மாடி போர்ஷன் பையனுக்கு, பிரகாஷ் என்று வைத்துக்கொள்வோம், ஓ.எம்.ஆரில் கால்சென்டர் உத்தியோகம். அமெரிக்கர்களின் விமான டிக்கெட் விவகாரங்கள். ஜூலையில் இங்கே ராத்திரி 2.30 என்றால் நியூயார்க்கில் மாலை 5.

கஸ்டமரிடம் முதலில் பேசுவது சாட்பாட். அதனால் முடியாததை மனிதனிடம் தள்ளிவிடும், இரண்டு வரிச் சுருக்கத்தோடு. முழுப் பேச்சும் கீழே இருக்கும், க்ளிக் செய்தால் விரியும். யார் சார் விரிப்பார்கள்? ஒவ்வொரு காலுக்கும் ஆன நிமிஷத்தை மேலே ஒருத்தர் எண்ணிக்கொண்டிருக்கிறாரே!

அன்றைய சுருக்கம்: 'தந்தை காலமானார். டிக்கெட் ரத்து. ரீஃபண்ட் தேவை.'

பிரகாஷ் முறைப்படி வருத்தம் தெரிவித்துவிட்டு, "கேன்சல் பண்ணிடட்டுமா மேடம்?" என்றான். "ப்ளீஸ்" என்றது அழுத குரல். பண்ணிவிட்டான்.

அந்தப் பெண் சாட்பாட்டிடம் எழுதியிருந்ததோ, 'அப்பா டிக்கெட்டை மட்டும்.'

இரண்டு பேருக்கும் ஒரே பி.என்.ஆர். ஒருவரை மட்டும் நீக்க, முதலில் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும், அப்புறம்தான் ரத்து. மொத்தமாக ரத்து செய்ததில் அவள் ஸீட்டும் போயிற்று.

"நான் போகணுமே, அப்பாவோட அஸ்தி என்கிட்டதானே இருக்கு!"

அதே ஃப்ளைட்டில் இடம் இருந்தது, அன்றைய விலையில். வித்தியாசம் யார் தலையில் என்று சூப்பர்வைசரோடு மன்றாடியதில் நாற்பது நிமிஷம் போனது.

சுருக்கத்தில் 'மட்டும்', 'தவிர' எல்லாம் சுலபமாகக் கழன்று விழுந்துவிடும். மிச்ச வாக்கியம் பார்க்க முழுசாகவே இருக்கும். பிரகாஷ் இப்போதெல்லாம் புக்கிங்கில் எத்தனை பெயர் என்று எண்ணிவிட்டுக் கேட்கிறான்: "யார் யார் டிக்கெட் மேடம்?"

மூன்று செகண்டுதான் ஆகிறதாம்.