தேடிக் கிடைக்காதது இல்லாததாகிவிடுமா?

தேடல் நிரல் பத்து நிமிடம் ஓடியது, தீர்வு அகப்படவில்லை, ஆதலால் அந்தப் புதிருக்குத் தீர்வே இல்லை. பெட்டி தள்ளும் புதிர்களைக் கணினி கொண்டு உருவாக்கும் திட்டப்பணிகளிலும் ஆய்வேடுகளிலும் இந்த அனுமானம் எவ்விதக் கூச்சமும் இன்றி உலவுகிறது. உருவாக்கப்பட்ட புதிர்கள் இத்தனை, தீர்பவை இத்தனை, தீராதவை இத்தனை என்று அட்டவணை முடிந்துவிடுகிறது. தீராதவை என்ற தலைப்பின் கீழ் நிற்பவற்றுள் எத்தனை உண்மையிலேயே தீராதவை, எத்தனை நிரலின் பொறுமையைத் தாண்டியவை என்று வழிகாட்டியும் கேட்பதில்லை, தேர்வாளரும் கேட்பதில்லை.

ஒரு புதிர் தீராது என்று சொல்வதற்கு உரிமை வேண்டும். அந்த உரிமை எப்படிச் சம்பாதிக்கப்படுகிறது என்பதற்கு 15 சில்லுப் பலகையே பழைய எடுத்துக்காட்டு. நான்குக்கு நான்கு கட்டங்கள், எண்ணிட்ட 15 சில்லுகள், ஒரு வெற்றிடம். எல்லாம் வரிசையில் இருக்க 14உம் 15உம் மட்டும் இடம் மாறி நிற்கும் அமைவைச் சரிசெய்யப் பலர் முயன்று தோற்றனர். அவர்களுடைய தோல்வி எதையும் நிறுவவில்லை. 1879இல் ஜான்சன், ஸ்டோரி ஆகிய இருவர் அமெரிக்கக் கணித ஆய்விதழில் எழுதியதுதான் நிறுவியது.

காரணம் எளியது. சில்லுகளை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாகப் படித்து, பெரிய எண் சிறிய எண்ணுக்கு முன்னால் நிற்கும் இணைகளை எண்ண வேண்டும். அத்துடன் வெற்றிடம் கீழிருந்து எத்தனையாவது வரிசையில் உள்ளது என்பதைக் கூட்ட வேண்டும். சில்லு பக்கவாட்டில் நகர்ந்தால் இவ்விரண்டும் மாறுவதில்லை. மேலோ கீழோ நகர்ந்தால் அது சரியாக மூன்று சில்லுகளைத் தாண்டுகிறது; அதனால் இணைகளின் எண்ணிக்கை ஒற்றையிலிருந்து இரட்டைக்கோ, இரட்டையிலிருந்து ஒற்றைக்கோ மாறும். அதே வேளையில் வெற்றிடத்தின் வரிசையும் ஒன்று மாறும். ஆகவே கூட்டுத்தொகை ஒற்றையாக இருந்தால் எந்நாளும் ஒற்றை, இரட்டையாக இருந்தால் எந்நாளும் இரட்டை. முடிவு நிலையில் இணைகள் 0, வரிசை 1, கூட்டுத்தொகை 1. 14உம் 15உம் மாறிய அமைவில் இணை 1, வரிசை 1, கூட்டுத்தொகை 2. இரட்டையிலிருந்து ஒற்றைக்குப் பாலம் இல்லை. இங்கே தேடல் நடக்கவே இல்லை. ஆயினும் தீர்ப்பு இறுதியானது. சில்லுகளைக் கண்மூடிக் கலைத்தால் வரும் அமைவுகளில் சரிபாதி இவ்வாறு தீராதவை என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது.

இத்தகைய நிறுவலையும் நிபந்தனை மறந்து நகலெடுத்தால் பொய்யாக்கலாம். எண்களுக்குப் பதில் ஒரு படத்தைத் துண்டாக்கி, அதில் வேறுபாடே காண முடியாத இரு நீல வானத் துண்டுகள் இருந்தால், அவை இரண்டும் தமக்குள் இடம் மாறுவது யார் கண்ணுக்கும் தெரியாது. எனவே எந்தக் கலைப்பும் தீரும். ஆனால் பழைய சோதனையை அப்படியே ஒட்டிய நிரல் பாதிப் புதிர்களைத் தீராதவை எனத் தள்ளும். ஒரே எழுத்து இருமுறை வரும் சொற்பலகைக்கும் இதே கதிதான்.

பெட்டி தள்ளும் புதிருக்கு வருவோருக்கு இத்தனை வசதியான எண் எதுவும் காத்திருக்கவில்லை. இமபயாஷி ஹிரோயுகி உருவாக்கி 1982இல் ஜப்பானில் வெளியான சொகோபானில் விதிகள் சிலவே: ஆள் ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது, எல்லாப் பெட்டிகளும் இலக்குக் கட்டங்களில் சேர வேண்டும். தீருமா தீராதா என்ற கேள்வி பொதுநிலையில் எவ்வளவு கடினமானது என்பதைக் கல்பர்சன் 1997இல் நிறுவினார்: அது பீஸ்பேஸ் முழுமை என்ற வகுப்பைச் சேர்ந்தது. ஆட்டம் சிறிதாகத் தோன்றுவதால் தேடலும் சிறிதாக முடியும் என்று எண்ணுவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

வரலாறே இவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. XSokoban என்ற 90 புதிர்களின் தொகுப்பை மனித ஆட்டக்காரர்கள் முழுதும் தீர்த்துவிட்டனர். ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் யுங்ஹான்ஸ், ஷேஃபர் இருவரும் 1990களின் பிற்பகுதியில் எழுதிய Rolling Stone அக்காலத்தின் தலைசிறந்த தீர்வு நிரல். அது அந்த 90இல் 60க்கும் குறைவானவற்றையே தீர்த்தது. ஷோஹமின் Festival 2020ஆம் ஆண்டளவில் தொண்ணூறையும் தீர்த்தது. இன்றைய ஆய்வேடுகளின் அளவுகோலை Rolling Stone ஆசிரியர்கள் கைக்கொண்டிருந்தால், முப்பதுக்கும் மேற்பட்ட நல்ல புதிர்கள் ‘தீராதவை’ என்று அச்சேறியிருக்கும். அவர்கள் அவ்வாறு எழுதவில்லை; ‘நிரல் தீர்க்கவில்லை’ என்றே எழுதினர்.

தீராமையை நிறுவ வேறு வழி உண்டா? பல வேளைகளில் உண்டு. கீழுள்ளதில் `#` சுவர், `$` பெட்டி, `.` இலக்கு, `@` ஆள்.

```
########
#  $ $.#
#      #
#  @.  #
########
```

இதில் இரு பெட்டிகளும் மேற்சுவரை ஒட்டியுள்ளன. அவற்றைக் கீழே தள்ள வேண்டுமானால் ஆள் சுவருக்குள் நிற்க வேண்டும். ஆகவே அவை முதல் வரிசையை விட்டு ஒருபோதும் இறங்கமாட்டா. அந்த வரிசையில் உள்ள இலக்கோ ஒன்றுதான். இரண்டு பெட்டிகள், ஓர் இலக்கு: தீராது.

பல புதிர்த் தொகுப்பிகள் செய்யும் எளிய சோதனை இதைப் பிடிக்காது என்பதுதான் கவனிக்கத்தக்கது. அச்சோதனை ஒவ்வோர் இலக்கிலிருந்தும் ஒரு பெட்டியைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்து, எட்டாத கட்டங்களைச் செத்த கட்டங்கள் எனக் குறிக்கும். பெட்டி ஏதும் அவற்றில் நின்றால் புதிரைத் தள்ளும். இங்கே எந்தப் பெட்டியும் செத்த கட்டத்தில் இல்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே வலக்கோடி இலக்கை எட்டக்கூடியவை. இரண்டுக்கும் வெவ்வேறு இலக்குகளை ஒதுக்க முடியுமா என்று சேர்த்துக் கேட்கும்போதுதான் குறை தென்படுகிறது. இடப்பெட்டியை ஒரு கட்டம் கீழே இறக்கினால் போதும்:

```
########
#    $.#
#  $   #
#  @.  #
########
```

இதன் தீர்வு `luRurRlD`. எழுத்துகள் இடம், மேல், வலம், கீழ் என்ற திசைகள். பெரிய எழுத்து தள்ளலைக் குறிக்கும். எட்டு அடிகள், அவற்றில் மூன்று தள்ளல்கள். இந்த எட்டு எழுத்துகளே சான்று. எவரும் எந்த நிரலையும் நம்பாமல் கையால் ஓட்டிப் பார்க்கலாம்.

முதற்புதிரையே முழுத் தேடலுக்கு விட்டாலும் சிக்கல் இல்லை. 18 கட்டங்கள், இரு பெட்டிகள், ஓர் ஆள்: எல்லா நிலைகளும் சேர்ந்து 2,448ஐத் தாண்டா. நிரல் அனைத்தையும் பார்த்து முடித்து ‘இல்லை’ என்று சொன்னால் அது நிறுவலே. ஆனால் இதே மேல்வரிசைக் குறை, 100 கட்டங்களும் 20 பெட்டிகளும் கொண்ட பெரிய புதிரின் ஒரு மூலையில் இருப்பதாகக் கொள்க. பெட்டிகளை வைக்கும் வழிகள் மட்டும் 5க்குப் பின் 20 சுழியங்கள் என்ற அளவை எட்டுகின்றன. தேடல் மற்ற 18 பெட்டிகளையும் விதவிதமாக அடுக்கிப் பார்த்துக்கொண்டே காலத்தைத் தீர்க்கும். குறை இருக்கும் இடம் ஐந்தாறு கட்டங்கள். அதைச் சொல்ல இரண்டு வாக்கியங்கள் போதும். நிரலோ கால வரம்பில் விழும். அந்தப் புதிரை ‘தீராது’ என்ற பத்தியில் இட்டவர் சரியான விடையைத் தவறான காரணத்தால் அடைந்தவர். அவருடைய அட்டவணையில் அதற்கு அடுத்த வரியில் உள்ள புதிர் தீரக்கூடியதாகவே இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்த அவரிடம் எதுவும் இல்லை.

முழுத் தேடல் முடிந்தது என்ற அறிவிப்பையும் உடனே ஏற்க வேண்டியதில்லை. தேடலைச் சுருக்க நிரல்கள் முட்டுச்சந்து நிலைகளை வெட்டிவிடுகின்றன. நான்கு பெட்டிகள் இரண்டுக்கு இரண்டாகச் சேர்ந்துவிட்டால் இனி அசையா என்பது அத்தகைய ஒரு விதி. ‘நான்கும் இலக்குகளில் இருந்தால் ஒழிய’ என்ற விலக்கை எழுத மறந்தால், வெற்றி நிலையையே முட்டுச்சந்து என்று வெட்டிவிடும். நிரல் விரைந்து முடியும். தீர்வு இல்லை என்று உறுதியாகவும் சொல்லும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. தீர்வு தெரிந்த புதிர்களை எடுத்து, அத்தீர்வின் ஒவ்வோர் அடியிலும் வரும் நிலையை வெட்டு விதிகளிடம் காட்ட வேண்டும். ஒன்றையேனும் முட்டுச்சந்து என்று விதி சொன்னால் விதி பிழை. அரை நாள் வேலை. இதைச் செய்ததாக ஒரு வரி எழுதிய திட்டப்பணி அறிக்கை கண்ணில் படுவது அரிது.

விளையாட்டு உருவாக்குவோர் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றனர்: ஐயமுள்ளதை எறிந்துவிட்டால் யாருக்கு நட்டம்? அவர்களுக்கு நட்டம் இல்லைதான். முடிவு நிலையில் தொடங்கி, பெட்டிகளைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போய் நின்ற இடத்தைப் புதிராக்கினால், தீர்வு பிறக்கும்போதே உடன் பிறக்கிறது. சில்லுப் பலகையையும் முறையான நகர்வுகளாலேயே கலைத்தால் சோதனைக்கே தேவை எழாது. ஆட்டக்காரருக்குத் தீராத புதிர் ஒன்றுகூடப் போய்ச் சேரக் கூடாது என்பதே அவர்களின் கவலை. நல்ல புதிர் சில குப்பைக்குப் போவது பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆய்வாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. கால வரம்பில் விழுபவை தற்செயலாக விழுவதில்லை. நீண்ட தீர்வும் சிக்கலான பின்னலும் கொண்டவையே பெரும்பாலும் விழுகின்றன. அவற்றை நீக்கிவிட்டு எஞ்சியவற்றின் கடினத்தை அளந்து, பெட்டி எண்ணிக்கைக்கும் கடினத்துக்கும் தொடர்பு இவ்வளவு என்று எழுதுவது, தேர்வில் தேறாதவர்களின் தாள்களை அகற்றிவிட்டு வினாத்தாள் எளிது என்று அறிவிப்பதற்குச் சமம். அதனினும் கேடு, அந்தத் ‘தீராதவை’ அடுத்த மாணவரின் பயிற்சித் தரவாகப் போய்ச் சேர்வது. தீரும் புதிரையும் தீராப் புதிரையும் பிரிக்கக் கற்றதாக அவர் எண்ணும் மாதிரி, உண்மையில் முந்தைய மாணவரின் கணினி எவ்வளவு மெதுவானது என்பதைக் கற்றிருக்கும்.

அட்டவணைக்கு மூன்று பத்திகள் வேண்டும். தீரும் என்பதன் எதிரே தீர்வு எழுத்துகள் கோப்பாக இருக்க வேண்டும். தீராது என்பதன் எதிரே முழுத் தேடல் முடிந்ததா, எத்தனை நிலைகள், அல்லது எந்த வாதம் என்பது இருக்க வேண்டும். மூன்றாவதன் தலைப்பு ‘தெரியவில்லை’. அதன் எதிரே கால வரம்பும் நினைவக வரம்பும். மூன்றாம் பத்தி பெருத்துவிட்டால் ஆய்வு பலவீனமாகத் தோன்றும் என்று அஞ்சும் வழிகாட்டிகள், வரம்பை இரட்டித்து நிரலை மறுபடி ஓட்டச் சொல்லலாம். ‘தெரியவில்லை’யிலிருந்து எத்தனை புதிர்கள் ‘தீரும்’ பத்திக்கு இடம் மாறின என்ற அந்த ஓர் எண், முதல் அட்டவணையின் ‘தீராதவை’யை எவ்வளவு நம்பலாம் என்பதைக் காட்டிவிடும்.