பெயருக்குள் ஒளிந்திருக்கும் சொல்



பெண் குழந்தைக்குத் தேன்மொழி என்று ஆசையாகப் பெயர் வைக்கிறோம். தேன் என்றால் என்னவென்று தெரியும். மொழி என்றால் பேச்சு என்பதும் தெரியும். பிள்ளை வளர்ந்து, "அம்மா, என் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால், "தேன் மாதிரி பேச்சு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் நம் பிள்ளை பேச்சு அல்லவே, அவள் ஓர் ஆள் ஆயிற்றே! அப்படியானால் பெயரில் ஏதோ ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

இரண்டு சொல் சேர்ந்த பெயரைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. ரப்பர் மரம் என்றால் அது மரம். மரத்துப் பால் என்றால் அது பால். பால் வாளி என்றால் அது வாளி. கடைசியில் நிற்கும் சொல்தான் பொருள் இன்னதென்று சொல்கிறது. முன்னால் நிற்பது, எப்படிப்பட்டது என்று காட்டுகிறது. பெயர்களும் அப்படித்தான்.

ஆகவே முதலில் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்து, "இவள் ஒரு..." என்று சொல்லிப் பாருங்கள்.

தமிழ்ச்செல்வியை எடுத்துக்கொள்வோம். "இவள் ஒரு செல்வி" என்றால் பொருந்துகிறது. செல்வி என்பது அருமை மகளைக் குறிக்கும் சொல். எனவே, தமிழின் செல்வி, தமிழுக்கு மகள் போன்றவள் என்று நேராகப் பொருள் சொல்லிவிடலாம். தமிழரசி, கலைச்செல்வன், செந்தில்நாதன் எல்லாம் இந்த வகை. அரசி, செல்வன், நாதன் என்று கடைசிச் சொல்லே ஆளைக் காட்டுகிறது.

அடுத்து பூங்கொடி. "இவள் ஒரு கொடி" என்று சொன்னால் கொஞ்சம் இடறுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், "உன்னைக் கம்பத்தில் ஏற்றலாமா?" என்று கேலிகூடச் செய்வார்கள். இங்கே கொடி என்பது கம்பத்தில் பறப்பதும் அல்ல, துணி காயப்போடுவதும் அல்ல. பந்தலில் படரும் கொடி. பூத்த கொடியைப் போல மெல்லியவள், துவண்டு அசைபவள் என்பது பொருள். ஒளிந்திருக்கும் சொல் "போன்றவள்". பொற்கொடி, கருங்குயில் போன்றவையும் இப்படியே.

மூன்றாவது வகைதான் தேன்மொழி. "இவள் ஒரு மொழி" என்பது பொருந்தவே இல்லை. "மொழி போன்றவள்" என்றாலும் சரிவரவில்லை. "தேன் போன்ற மொழியை உடையவள்" என்றால்தான் பொருள் நிறைகிறது. ஒளிந்திருந்தது "உடையவள்". பெயரில் உள்ள இரண்டு சொல்லுக்கும் வெளியே இருக்கிற ஆளை இப்படிக் குறிப்பதை இலக்கணத்தில் அன்மொழித்தொகை என்பார்கள். கடைசிச் சொல் கண், கை, பேச்சு என்று ஓர் ஆளிடம் இருக்கும் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆண்பிள்ளைகளிலும் உண்டு. தண்டபாணி என்ற பெயரில் தண்டம் என்பது கோல். பாணி என்பது கை. கோலைக் கையில் உடையவன், அதாவது பழனியில் கோலூன்றி நிற்கும் முருகன். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோவிலில் சாமி பெயர் தண்டாயுதபாணி. அங்கே இடையில் ஆயுதம் என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. "அவன் பாணியே தனி" என்று பேச்சில் வரும் பாணி வேறு. அந்தப் பொருளை இங்கே கொண்டு வந்தால் பெயர் புரியாது.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்று கேட்கலாம். தோட்டத்தில் ஒரு தகப்பனார் மகளுக்குக் கயல்விழி என்று பெயர் வைத்திருந்தார். கயல் என்றால் கெண்டை மீன் என்று யாரோ சொல்லிவிட, பிள்ளைகள் அவளை "மீன் கண்ணு, மீன் கண்ணு" என்று கூப்பிட்டார்கள். அவள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாள். தகப்பனார் என்னிடம் வந்து, "வாத்தியாரையா, பேரை மாத்திடலாமான்னு பாக்கிறேன். எங்க ஆத்தா பேரு மீனாட்சி. அதையே வச்சிருக்கணும். பழைய பேரா இருக்கேன்னு விட்டுட்டேன். அதுதான் இப்ப மனசை உறுத்துது" என்றார்.

நான் அவருக்கு இரண்டு பெயரையும் பிரித்துக் காட்டினேன். கயல் ஒரு மீன்; விழி என்பது கண். கெண்டை மீன் நடுவில் அகன்று, இரு முனையிலும் ஒடுங்கி, தண்ணீரில் சட்டென்று புரளும். அந்த வடிவமும் அந்தத் துள்ளலும் உள்ள கண்களை உடையவள் கயல்விழி. மீனுடைய கண் அல்ல. மீனைப் போன்ற கண். இனி மீனாட்சியைப் பாருங்கள். அது வடமொழிப் பெயர். மீனம் என்பது மீன். அட்சி என்பது கண்ணை உடையவள். மதுரை அம்மனுக்குத் தமிழில் அங்கயற்கண்ணி என்று பெயர். அம் என்றால் அழகிய; அழகிய கயல் போன்ற கண்ணை உடையவள். மூன்று பெயருக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றே.

"அப்படின்னா எங்க ஆத்தா பேரைத்தான் வச்சிருக்கேனா?" என்று கேட்டவர், பெயரை மாற்றும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

பெயரைப் பிரிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொற்கள் சேரும் இடத்தில் எழுத்து மாறும். பொன்னும் கொடியும் சேர்ந்தால் பொற்கொடி. கயலும் கண்ணியும் சேர்ந்தால் கயற்கண்ணி. செம்மையும் தாமரையும் சேர்ந்தால் செந்தாமரை. "பொற்" என்றும் "செந்" என்றும் தனிச்சொல் தேடினால் கிடைக்காது. சேருவதற்கு முன் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

சொற்களின் வரிசையையும் மாற்றக்கூடாது. மலர்விழி என்றால் மலர் போன்ற விழியை உடையவள். விழிமலர் என்று திருப்பிப் போட்டால், அது கண்ணாகிய மலர். கண்ணைத்தான் குறிக்கும், பெண்ணை அல்ல. புதுமையாக இருக்கட்டும் என்று இரண்டு அழகான சொல்லை எப்படியாவது ஒட்டிவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எல்லாப் பெயரும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடாது. முத்துலட்சுமி என்ற பெயரில் முத்து, கடலில் எடுக்கும் முத்தாகவும் இருக்கலாம். முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வைத்ததாகவும் இருக்கலாம். பாட்டி முத்தம்மாளின் பெயராகவும் இருக்கலாம். இதை அகராதி சொல்லாது. வீட்டுப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பிறப்புச் சான்றிதழிலும் அடையாளக் கார்டிலும் நம் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்கிறது. அங்கே ழ, ல, ள மூன்றும் பல நேரம் ஒரே எழுத்தாகிவிடும். அதைப் பார்த்துப் படிக்கிறவர் விழியை "விலி" என்பார். மொழியை "மொலி" என்பார். சொல் போனால் பொருளும் போச்சு. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதி, அதன் இரண்டு சொல்லையும், ஒளிந்திருக்கும் சொல்லையும், யார் நினைவாக வைத்தோம் என்பதையும் குறித்து வையுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: கனிமொழி, முல்லைக்கொடி, வேல்விழி. இவற்றில் ஒளிந்திருப்பது "போன்றவள்" என்ற சொல்லா, "உடையவள்" என்ற சொல்லா? பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். விடை அடுத்த இதழில்.